முதல் மூன்று வரியில் கடிதம் நிற்கிறதா?

ஆள் எடுப்பவர் ஒரு ரெஸ்யூமேயை முதல் பார்வையில் சராசரியாக 7.4 நொடிதான் பார்க்கிறார் என்று, கண்ணசைவைப் பதிவு செய்து அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு இணையதள நிறுவனம் 2018-இல் கணக்கிட்டது. கூடவே வரும் விண்ணப்பக் கடிதத்துக்கு அதைவிட அதிக நேரம் கிடைக்கும் என்று நம்பக் காரணமில்லை. படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நின்று, அடுத்த இடத்துக்குத் தாவும். 7 நொடிக்கு 28 நிறுத்தங்கள். ஏ4 தாளில் மூன்று வரிக்கே அது சரியாகப் போய்விடும்.

சோதனை எளிது. கடிதத்தை அச்செடுத்து, முகவரியையும் 'ஐயா'வையும் விட்டு மூன்று வரி எண்ணி, கீழே உள்ளதை வேறு தாளால் மூடுங்கள். உங்கள் வேலையைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, 7 நொடியில் திரும்ப வாங்கிவிடுங்கள். என்ன வேலை, இவர் இதுவரை என்ன செய்திருக்கிறார், ஏன் கூப்பிட வேண்டும் என்ற மூன்றுக்கும் அவர் பதில் எழுதட்டும். நீங்களே படித்துப் பார்ப்பது பயன்படாது. மூடிய பகுதியில் இருப்பதை உங்கள் நினைவு நிரப்பிவிடும். நெருங்கிய நண்பரும் அப்படித்தான்.

ஒரு கடிதம் இப்படித் தொடங்குகிறது: "தங்கள் நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் பணியிடம் காலியாக உள்ளதாக நாளிதழ் விளம்பரத்தின் வாயிலாக அறிந்து, மேற்படி பணிக்குரிய கல்வித் தகுதியும் அனுபவமும் எனக்கு இருப்பதாகக் கருதுவதால், என்னுடைய சுயவிவரங்களைத் தங்கள் மேலான பரிசீலனைக்கு..."

முதல் கேள்விக்குப் பதில் வரும். இரண்டாவதற்கு 'அனுபவம் இருக்காம்' என்பார். மூன்றாவது காலி. விளம்பரம் கொடுத்தவருக்கே விளம்பரத்தைச் சொல்வதில் பாதி இடம் போயிற்று. அதைவிடப் பெரிய கோளாறு வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். 'அறிந்து', 'கருதுவதால்' என்று முடியாத வினைகளாகக் கோத்துக்கொண்டே போனால், 'சமர்ப்பிக்கிறேன்' மூடிய தாளுக்கு அடியில் போய் விழுகிறது. படிப்பவர் எதையும் முடிவாகப் பெறாமலே கண்ணை எடுத்துவிடுகிறார். ஆகவே முதல் வரிக்குள்ளேயே ஒரு வினைமுற்று விழ வேண்டும்:

"கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நூல் மொத்த வியாபாரக் கடையில் 3 ஆண்டுகளாக டேலியில் மாதம் சுமார் 400 பில்களைப் பதிகிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்னையும் நானே தாக்கல் செய்கிறேன்."

இதில் மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. இரண்டு எண் போதுமென்று நிறுத்தியதும் முக்கியம். சதவீதம், தொகை, பரிசு என்று நாலைந்து எண்ணைத் திணித்த கடிதத்தில், திரும்பக் கேட்டால் ஒன்றுகூட நினைவில் நிற்காது.

மின்னஞ்சலில் அனுப்புவதானால் செல்போனிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே வரி பாதி நீளம்தான். மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே தெரியும் துண்டு வரியை 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்' என்பதே பெரும்பாலும் விழுங்கிவிடும். 'ஐயா, வணக்கம்' என்று சுருக்கினால் 'கணக்கு உதவியாளர்' அந்த இடத்துக்குள் வந்துவிடும்.