போகியன்று முடிந்துபோன கெடு

ஒரு கல்லூரி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பேருந்துகளின் தகுதிச் சான்று, வாகனக் காப்பீடு, நூலக மென்பொருளின் உரிமம், கல்லூரி இணையதளத்தின் பெயர்ப் பதிவு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் என்று 86 இனங்கள் ஒரு விரிதாளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது முடியும் நாள். அடுத்த 30 நாட்களில் முடியப்போகிறவை எவை என்று அந்த விரிதாளே கணக்கிட்டு, மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது.

லிஃப்ட் ஒப்பந்தம் 2026 மார்ச் 15-ல் முடிகிறது. பராமரிப்பு சரியில்லை, வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிப்ரவரி 13-ஆம் தேதி, சரியாக 30 நாட்கள் மீதமிருக்கும்போது, அந்த இனம் முதல்முறையாகப் பட்டியலுக்குள் வருகிறது. மேலாளர் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கிறார். முடியும் நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பே எழுத்துமூலம் தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் அதே நிபந்தனைகளுடன் மேலும் ஓராண்டு நீளும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. மார்ச் 15-லிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 14. அன்று போகி. அடுத்து வரிசையாகப் பொங்கல் விடுமுறை. கடிதம் போயிருக்க வேண்டிய நாள் கடந்து முழுதாக ஒரு மாதம் ஆகிவிட்டது.

இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. விரிதாள் சரியாகக் கூட்டியது, மின்னஞ்சல் சரியான நாளில் வந்தது. கவனிக்க வேண்டிய நாள் எது என்பதில்தான் தவறு. முடியும் நாள் ஒப்பந்தத்துக்கு உரியது. நாம் செயல்பட வேண்டிய கடைசி நாள் வேறு. அதைக் கெடு நாள் என்று அழைப்போம். விரிதாளில் அதற்கென்று தனி நெடுவரிசை வேண்டும். B-யில் முடியும் நாள், C-யில் எத்தனை நாட்களுக்கு முன் செயல்பட வேண்டும் என்ற எண், D-யில் இரண்டின் கழித்தல்:

```
=IF(B2="","",B2-C2)
```

பட்டியலைத் தேர்ந்தெடுக்கும் சூத்திரம் B-யைப் பார்க்கக்கூடாது, D-யைப் பார்க்க வேண்டும். அப்படி அமைத்திருந்தால் லிஃப்ட் ஒப்பந்தம் 2025 டிசம்பர் 15-ஆம் தேதியே, கெடுவுக்கு 30 நாட்கள் இருக்கும்போது, பட்டியலில் வந்திருக்கும். C-யில் போடவேண்டிய எண் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் ஒருமுறை உட்கார்ந்து படித்தால்தான் கிடைக்கும். என் அனுபவத்தில் இந்த வேலையில் பெரும்பகுதி அந்த வாசிப்புதான். சூத்திரம் எழுத ஐந்து நிமிடம் போதும்.

தேதிகளைக் கழிக்கவும் கூட்டவும் முடிவது எப்படி? விரிதாளுக்குத் தேதி என்பது ஒரு முழு எண். கூகுள் ஷீட்ஸ் 1899 டிசம்பர் 30-ஐச் சுழியமாக வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. 2026 ஜனவரி 1 அதற்கு 46023. மார்ச் 15 என்பது 46096. அதிலிருந்து 60 போனால் 46036, அதாவது ஜனவரி 14. நாம் பார்க்கும் நாள், மாதம், ஆண்டு எல்லாம் அந்த எண்ணின் மேல் போர்த்திய உடை. (டிசம்பர் 30 என்ற விசித்திரமான தொடக்கத்துக்கும் காரணம் உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் 1900-ஐத் தவறுதலாக லீப் ஆண்டாகக் கருதியது. அதனுடன் ஒத்துப்போவதற்காக எக்செல்லும் அந்தத் தவறை ஏற்றுக்கொண்டது. 1900 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு எண்கள் இரண்டிலும் பொருந்தி வர, தொடக்க நாளை ஒரு நாள் முன்னே தள்ளி வைத்தால் போதும்.)

தேதி ஓர் எண் என்பதால்தான் பெரிய ஆபத்தும் வருகிறது: எண்ணாகப் பதியாத தேதி. விரிதாளின் நாட்டு அமைப்பு அமெரிக்காவாக இருந்தால், அங்கே மாதம் முதலில் வரும். நம் வழக்கப்படி 25/03/2026 என்று தட்டச்சு செய்தால், இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதை அந்த விரிதாள் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் நிபந்தனை பொருந்தாது. அந்த இனம் பட்டியலில் ஒருபோதும் வராது, பிழைச் செய்தியும் வராது. கழித்தல் செய்யும் நெடுவரிசை இருந்தாலாவது அந்தக் கட்டத்தில் பிழைக்குறி தெரியும்.

ஆனால் அதைவிட மோசமானது 03/04/2026. ஏப்ரல் 3 என்று நினைத்து நாம் எழுதியதை விரிதாள் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் மார்ச் 4 ஆக்கிக்கொள்ளும். மாதத்தின் முதல் 12 நாட்களில் வரும் தேதிகள் சத்தமில்லாமல் திரிகின்றன, 12-க்கு மேற்பட்டவை எழுத்தாக உறைகின்றன. இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம். சீரமைப்பை யாரும் மாற்றாத நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால், அவை மட்டும் தவறு என்று எண்ணிவிடக்கூடாது. வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவற்றில் பல திரிந்திருக்கும் என்பதற்கு அவைதான் சாட்சி. `File > Settings` என்ற இடத்தில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு, தேதிகளை மூல ஆவணத்தோடு ஒப்பிட்டு மறுபடி பதிவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, தேர்வு. இதற்குப் பெரும்பாலானோர் முதலில் எழுதும் நிபந்தனை, தேதி இன்றைக்கும் 30 நாட்களுக்கும் இடையே இருக்க வேண்டும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் இரண்டு வாரம் விடுப்பில் இருந்து, ஒரு கெடு நேற்றோடு கடந்துவிட்டால், அந்த இனம் இன்று பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மிக அவசரமாக வேண்டிய நேரத்தில் கருவி வாயை மூடிக்கொள்கிறது. கடந்துபோனது எல்லாம் கைவிட்டுப் போனதும் அல்ல. .com போன்ற பல இணையப் பெயர்களுக்கு, பதிவு காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தித் திரும்பப் பெறலாம். ஆகவே கீழ் எல்லையே வேண்டாம். ஓர் இனம் பட்டியலை விட்டுப் போக ஒரே வழி, வேலையை முடித்தவர் E நெடுவரிசையில் அதைக் குறிப்பதுதான்:

```
=FILTER(A2:E, D2:D<>"", D2:D<=TODAY()+30, E2:E="")
```

அடுத்தது, இந்தப் பட்டியலை எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புவது என்ற கேள்வி. அடுத்த மாதம் முடிபவை என்பதால் மாதம் ஒருமுறை போதும் என்று தோன்றும். ஜனவரி 1-ஆம் தேதி மின்னஞ்சல் போகிறது. அதன் 30 நாள் சன்னல் ஜனவரி 31 வரை நீள்கிறது. பிப்ரவரி 1-ல் கெடு உள்ள இனத்துக்கு அன்று 31 நாட்கள் இருப்பதால் அது பட்டியலில் இல்லை. அடுத்த மின்னஞ்சல் பிப்ரவரி 1-ல் வருகிறது, அதில் அந்த இனம் இருக்கிறது, மீதம் சுழியம் நாட்கள்! 30 நாள் முன்னறிவிப்பு என்று பெயர் வைத்த கருவி, ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் முன்னறிவிப்பே இல்லாததாகிவிடுகிறது.

இதன் கணக்கு எளிது. சன்னலின் நீளத்திலிருந்து இரண்டு மின்னஞ்சல்களுக்கு இடையிலுள்ள நாட்களைக் கழித்து ஒன்று கூட்டினால், மிக மோசமான நிலையில் எத்தனை நாள் கிடைக்கும் என்பது வரும். மாதம் ஒருமுறை என்றால், 30-லிருந்து 31 போய் ஒன்று சேர்த்து, சுழியம். திங்கள்தோறும் என்றால், 30-லிருந்து 7 போய் ஒன்று சேர்த்து, 24. தினமும் அனுப்பினால் முழு 30 நாளும் கிடைக்கும்தான். ஆனால் ஒரே பட்டியல் தினமும் வந்தால் இரண்டாவது வாரத்தில் யாரும் திறக்க மாட்டார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆறு நாட்களை இழந்தாலும் வாரம் ஒருமுறையே நல்லது என்பது என் கருத்து. லிஃப்ட் விஷயத்தில் அந்த இழப்பும் இல்லை. 2025 டிசம்பர் 15 திங்கட்கிழமை.

மின்னஞ்சலை அனுப்புவது, விரிதாளோடு இணைந்த ஒரு சிறு நிரல். கூகுளில் அதற்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்று பெயர். வாரந்தோறும் திங்கள், காலை 8-லிருந்து 9-க்குள் என்று ஒரு நேரத் தூண்டலை அமைத்தால், அந்த மணிநேரத்துக்குள் ஏதோ ஒரு கணத்தில் நிரல் ஓடி, பட்டியலைப் படித்து அனுப்பிவிடும். அந்தத் தூண்டல் அதை அமைத்தவரின் கணக்கில் ஓடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவர் வேலையை விட்டுப் போய், அவருடைய அலுவலகக் கணக்கு மூடப்பட்டால், தூண்டலும் நின்றுவிடும். விரிதாள் அப்படியே இருக்கும், புதிய இனங்கள்கூடச் சேர்ந்துகொண்டிருக்கும், மின்னஞ்சல் மட்டும் வராது.

வராததை யார் கவனிப்பார்கள்? பட்டியல் காலியாக இருந்தால் மின்னஞ்சல் வேண்டாம் என்று நிரலை எழுதியிருந்தால், எதுவும் முடியவில்லை என்பதும் கருவி செத்துவிட்டது என்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றே. பொருந்தும் இனம் இல்லாதபோது மேலே உள்ள சூத்திரம் `#N/A` என்று காட்டும். அதைக் கண்டு அனுப்பாமல் விடும் நிரல்களும் உண்டு. ஆகவே நான் அமைக்கும் எந்த விரிதாளிலும் ஓர் இனத்தை நிரந்தரமாகச் சேர்த்துவிடுகிறேன். அதன் பெயர் "சோதனை வரி". அதன் முடியும் நாள் கட்டத்தில் தேதி இருக்காது, `=TODAY()+10` என்ற சூத்திரம் இருக்கும். C-யில் சுழியம். அது என்றைக்கும் பத்து நாளில் முடியப்போகிற இனம், என்றைக்கும் முடியாத இனம். பட்டியல் ஒருநாளும் காலியாக வராது. மின்னஞ்சலின் அடியில் இரண்டு எண்களும் வரும்படி செய்கிறேன்: விரிதாளில் மொத்தம் எத்தனை இனங்கள், அவற்றில் எத்தனைக்குத் தேதி எண்ணாகப் பதிந்திருக்கிறது. 87, 87 என்று வந்தால் சரி. 87, 86 என்று வந்தால் யாரோ ஒரு தேதியைப் புள்ளி வைத்தோ, "மார்ச் கடைசி" என்றோ எழுதியிருக்கிறார்கள்.

மின்னஞ்சல் மேலாளருக்கு மட்டும் போகாமல் கணக்காளருக்கும் போகிறது. பட்டியலைச் செயல்படுத்துவது மேலாளரின் பொறுப்பு. கணக்காளருக்கு ஒரே வேலை: திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்குள் "சோதனை வரி" கண்ணில் படவில்லை என்றால் எழுந்து போய்க் கேட்பது.