‘இப்போ வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள்

தீபாவளிக்குப் பிறகு இதே கதையோடு என் மேசைக்கு வந்த மூன்றாவது ஆள் அவர். கோவையில் பம்பு செய்யும் ஆலையில் பர்ச்சேஸ் வேலை. வார்ப்பு சப்ளை செய்யும் ஃபவுண்டரிக்காரர் வீட்டுக்கே ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால், மைசூர்பாகுக்கு அடியில் ஒரு வெள்ளி விளக்கு.

பதறிப்போய் உடனே போன் செய்திருக்கிறார். அதுவரை சரி. ஆனால் சொன்னது இது: “அண்ணா, இதெல்லாம் இப்போ வேண்டாங்ணா, ஆடிட் நடந்துட்டிருக்கு.” அவரும் “சரிங்க தம்பி” என்று வைத்துவிட்டார். விளக்கு பீரோவுக்குள் போனது. ஆடிட் முடிந்த வாரம் இன்னொரு விளக்கு வந்து அது ஜோடியானது.

ஃபவுண்டரிக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ‘இப்போ வேண்டாம்’ என்றால் ‘அப்புறம் கொடு’ என்றுதான் அவர் காதில் விழும். ‘வீட்டுக்கு அனுப்பாதீங்க’ என்றால் வேறு இடத்தைக் கேட்கிறோம் என்று நினைப்பார். ‘எங்க மேனேஜர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்’ என்றால் மேனேஜருக்குத் தெரியாமல் தர வழி தேடுவார். இன்னும் மோசம், ‘இதெல்லாம் எதுக்குங்க’ என்று இழுப்பது. பொருள் சிறியதாகிவிட்டதோ என்று எண்ணி அடுத்த முறை பெரியதாக அனுப்புவார். இண்டர்னல் ஆடிட்டில் உட்கார்ந்து 16 வருடமாக இதைப் பார்க்கிறேன்.

அடுத்து வந்த வாதம்தான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. “நான் கேட்கலையே சார், பதிலுக்கு எதுவும் செய்யலையே.” அதே மாதம் அந்த ஃபவுண்டரியிலிருந்து வந்த 600 வார்ப்பில், மெஷினிங் செய்தபோது 180-இல் ஓட்டை தெரிந்தது. தரப்பிரிவு அன்றைக்கே ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் கொடுத்துவிட்டது. ஓட்டை வார்ப்புகளின் தொகையை ஃபவுண்டரி கணக்கில் கழிக்கும் டெபிட் நோட் போட இவர்தான் ஒப்புதல் தர வேண்டும். வழக்கமாக மறுநாளே தந்துவிடுபவர் ஒன்பது நாள் தரவில்லை. “அண்ணாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை” என்றார். அந்த ஒன்பது நாள்தான் அவர் செய்த பதில். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவரும் மனதறிந்து சலுகை காட்டவில்லை. பீரோவில் விளக்கு இருந்தது, கை தயங்கியது. ‘டிபார்ட்மெண்டில் எல்லோரும் பகிர்ந்துகொண்டோம்’ என்பவர்களுக்கும் இதே பதில்தான். பகிர்ந்தால் தயங்கும் கைகள் கூடும், அவ்வளவுதான்.

சரி, எப்படி மறுப்பது? சப்ளையரின் பயம் என்னவென்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். பரிசைத் திருப்பினால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போகிறது என்றுதான் அவர் மனம் கணக்குப் போடும். அந்தப் பயத்தைப் போக்காமல் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் பயனில்லை. நான் சொல்லிக்கொடுக்கும் பேச்சு இது:

“அண்ணா, நினைச்சு அனுப்பினதுக்கு ரொம்ப நன்றிங்க. சப்ளையர்கிட்ட யாரும் எதுவும் வாங்கக்கூடாதுன்னு எங்க கம்பெனி விதி. எல்லா சப்ளையருக்கும் இதேதான், எந்த வருஷமும் இதேதான். அதனால திருப்பி அனுப்புறேன். தப்பா எடுத்துக்காதீங்க. இதனால உங்க ஆர்டருக்கோ பேமெண்ட்டுக்கோ ஒண்ணும் ஆகாது.”

‘எல்லா சப்ளையருக்கும்’ என்றால் அவரை மட்டும் ஒதுக்கவில்லை என்று தெரியும். ‘எந்த வருஷமும்’ என்றால் பொங்கலுக்கு மறுபடி முயல மாட்டார். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதற்காக ‘ஆர்டர் கண்டிப்பா உங்களுக்குத்தான்’ என்று வாக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

போனோடு நிறுத்தாமல், அன்றைக்கே இதையே இரண்டு வரி மெயிலாக அவருக்கு அனுப்பி, உங்கள் மேலாளருக்கும் நகல் போடுங்கள். பொருளை நீங்கள் நேரில் கொண்டுபோக வேண்டாம், தனியாகச் சந்தித்தீர்கள் என்ற பேச்சு எதற்கு? கேட் பாஸில் என்ன பொருள் என்று எழுதி அலுவலக ஆள் மூலம் அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். ஸ்வீட் கெட்டுப்போகும் என்றால், உங்கள் கம்பெனி விதி இடம் கொடுத்தால், மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கேண்டீனில் பொதுவாக வைக்கலாம். விளக்கு, காசு, கிஃப்ட் கார்டு எதுவானாலும் திரும்பத்தான் போக வேண்டும்.

விருந்துக்கும் இதே அளவுகோல்தான். ஃபவுண்டரிக்கு ஆய்வுக்குப் போன இடத்தில் அவர்கள் கேண்டீனில் மதியச் சாப்பாடு சாப்பிடுவதைப் பெரும்பாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஊட்டியில் ரூம் போட்டுக் குடும்பத்தோடு கூப்பிட்டால் அது ஆய்வு இல்லை. விலைப் பேச்சு நடக்கும் வாரங்களில் வெளியே ஒரு டின்னர்கூட வேண்டாம்.

இந்தப் பையனின் இரண்டு விளக்கும் போன வியாழக்கிழமை கேட் பாஸோடு திரும்பிப் போயின. டெபிட் நோட்டும் அன்றைக்கே போனது. ஃபவுண்டரிக்காரர் என்னிடமே பேசினார். “முதல்லயே விதின்னு சொல்லியிருந்தா அனுப்பியிருக்கவே மாட்டேங்க” என்றார்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இன்றைக்கே வீட்டில் சொல்லிவையுங்கள்: கம்பெனி பெயர் சொல்லி யார் பார்சல் கொண்டுவந்தாலும் வாங்காமல், முதலில் உங்களுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.