டார்க் என்பது விசை அன்று

மன்னார்குடியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள், சென்ற வாரம் ஒரு கணக்கைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 4 கிலோகிராம் நிறையும் 0.2 மீட்டர் ஆரமும் உள்ள, வட்டத்தட்டு போன்ற கப்பி. அதில் சுற்றிய கயிற்றின் நுனியில் 3 கிலோகிராம் தொங்குகிறது. கயிறு வழுக்காது, அச்சில் உராய்வு இல்லை, g = 10. கையை விட்டால் என்ன முடுக்கத்தில் இறங்கும்?

அதன் கீழே பென்சிலில் அவள் எழுதியிருந்த முதல் வரி: 30 − τ = 3a. எடை கீழே இழுக்கிறது, τ என்று குறிக்கும் டார்க், அதாவது "திருப்பு விசை", எதிர்க்கிறது, ஆகவே கழித்துவிட்டாள். "இரண்டுமே விசைதானே சித்தப்பா, கழிக்கக் கூடாதா?" என்றாள். அவள் மேல் தவறில்லை. தவறு அந்தச் சொல்லில் இருக்கிறது. இதே தவறை இதற்கு முன் எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் பார்த்துவிட்டேன்.

டார்க் என்பதன் வேர் லத்தீனில் 'திருகுதல்'. பொறியியலில் இப்பொருளில் அது அச்சேறியது 1884-இல். வரலாறு இவ்வளவு போதும்.

தமிழில் அதற்குத் திருப்பு விசை, முறுக்கு விசை என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. இரண்டின் வாலிலும் விசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசையின் அலகு நியூட்டன். டார்க்கின் அலகு நியூட்டன் மீட்டர். வேறு அலகு கொண்ட இரண்டை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க முடியாது. எங்கள் ஊர் வாய்க்கால் மதகின் ஷட்டரைத் திருகி ஏற்றும் லஸ்கரைப் பாருங்கள். துருப்பிடித்த திருகு அசையாவிட்டால் கைப்பிடியில் ஒரு நீளமான குழாயைச் செருகிக்கொள்வார். கையின் விசை அதேதான். அச்சிலிருந்து கை தள்ளிப்போனதால் திருகு அசைகிறது. கூடியது எதுவோ அதுதான் டார்க். கூடாத ஒன்றின் பெயரை அதற்கு வைப்பது எப்படிச் சரியாகும்?

முறுக்கு என்பது இன்னும் மோசம். வைக்கோல் பிரியை முறுக்கினால் பிரியே புரியேறுகிறது. கப்பி அப்படி உருமாறுவதில்லை, சுழலத்தான் செய்கிறது. 'திருப்புத்திறன்' என்போரும் உண்டு. ஆனால் திறன் என்ற சொல்லை வாட்டில் அளக்கும் பவருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஒரே பாடத்தில் இரண்டு திறன் வந்தால் பிள்ளை எதைப் பிடிப்பாள்? இலங்கைத் தமிழர்கள் பள்ளியிலேயே 'திருப்பம்' என்கிறார்கள். நான் 'விசைத் திருப்பம்' என்பேன்: விசையால் விளைவது, ஆனால் விசை அன்று. கதையிலும் திருப்பம் வருமே என்று கேட்பவர்களுக்கு, இயற்பியல் தாளில் கதை வராது என்பதே என் பதில்.

இப்போது கணக்கு. தொங்கும் நிறைக்கு: 30 − T = 3a. இதில் T கயிற்றின் இழுவிசை. (இதை ஒரு பயிற்சித் தாள் 'கயிற்றின் அழுத்தம்' என்று பெயர்த்திருந்தது. கயிறு இழுக்கும், எந்தக் கயிறு அழுத்தும்?) கப்பியைத் திருப்புவது கயிறு மட்டுமே, ஆகவே விசைத் திருப்பம் TR. நிலைமத் திருப்பம் ½MR² = 0.08. கோண முடுக்கம் a/R. ஆக TR = ½MR² × a/R; ஆரம் இரு பக்கமும் அடிபட்டு T = ½Ma = 2a என்று நிற்கிறது. முதல் வரியில் போட்டால் 30 = 5a. முடுக்கம் 6 மீ/வி², இழுவிசை 12 நியூட்டன், விசைத் திருப்பம் 12 × 0.2 = 2.4 நியூட்டன் மீட்டர். கோண முடுக்கம் 30, 0.08 × 30 போட்டாலும் அதே 2.4.

அவள் வரியில் τ-க்கு 0.08 × a/0.2 = 0.4a போட்டால் 30 = 3.4a; அவளுக்கு வந்த முடுக்கம் சுமார் 8.8. பத்துக்குள் இருப்பதால் சந்தேகமே எழாது, அதுதான் ஆபத்து. சிலர் இழுவிசைக்குப் பதில் முழு எடையையும் கப்பியின் மேல் ஏற்றி, 30 × 0.2 என்று தொடங்குவார்கள். அவர்களுக்கு முடுக்கம் 15 வரும். தானாக விழும் கல்லை விட வேகமாகக் கயிற்றில் கட்டிய கல் விழாது என்பதால் அந்தப் பிழை உடனே காட்டிக்கொடுத்துவிடும். 8.8-ஐப் பிடிக்க வேறு வழி வேண்டும். ஆரத்தை 0.4 ஆக்கிச் சரியான முறையில் போட்டால் விடை மாறாமல் 6 ஆகவே நிற்கும். அவள் முறையில் 8.8 என்பது 7.9 ஆகிறது. அதைத் தானே போட்டுப் பார்த்த பிறகுதான் அவள் பென்சில் வரியை அழித்தாள்.

தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்டாள். விடைக்குறிப்பில் 'திருப்பு விசை' என்றுதான் இருக்கும், மதிப்பெண்ணை இழக்க வேண்டாம், அப்படியே எழுது என்றேன். ஆனால் τ எழுதும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் நியூட்டன் மீட்டர் என்று முழுதாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.