பால் கொடுக்கும் அரை மணி நேரம்

தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில் மூத்த பிள்ளை எப்போது அதிகம் சேட்டை செய்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். சொம்புத் தண்ணீரைக் கவிழ்ப்பது, 'ஆய் வருது' என்று கூப்பிடுவது, தூளியைப் பிடித்து இழுப்பது எல்லாம் பெரும்பாலும் அம்மா சின்னதை மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போதுதான் நடக்கும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பகுதியில் 40 குடும்பங்களை வீட்டுக்கே போய்க் கவனித்த உளவியலாளர் ஜூடி டன்னின் ஆய்விலும் இதையே பார்த்தார்கள். பிள்ளைக்குக் கோபம் பாப்பா மேல் அல்ல. கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்தும் கிடைக்காத அம்மா மேல்.

பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம், அரை மணி என்று போனால் தினமும் நாலைந்து மணி நேரம் அம்மாவின் கை கட்டிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவைக்க மூன்று வயசுக்குத் தெரிந்த ஒரே வழி சேட்டைதான். திட்டு கிடைத்தாலும் பரவாயில்லை, அம்மா திரும்பிப் பார்த்துவிட்டாளே! திட்டத் திட்டச் சேட்டை கூடுவதற்கு இதுதான் காரணம்.

பாம்பனில் விசைப்படகுத் தொழிலுக்குப் போகும் ஒருவரின் வீட்டை வைத்துக்கொள்வோம். மூத்தவனுக்கு மூன்று வயது. அடுத்த பிரசவம் ஜூன் கடைசியில். தேதி சொன்னால் பிள்ளைக்கு விளங்காது. 'தடைக்காலம் முடிஞ்சு அப்பா படகு கடலுக்குப் போகும்ல, அதுக்கப்புறம் பாப்பா வரும்' என்றால் விளங்கும். வயிறு வெளியே தெரியத் தொடங்கியதும் சொன்னால் போதும். அதற்கு முன்பே சொன்னால் தினமும் 'எப்ப வரும்' என்று கேட்டே ஓய்ந்துபோவான்.

இந்த வீட்டில் யாரும் யோசிக்காத ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்பா 61 நாளும் கரையில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர் கைக்கு வந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கடலுக்குக் கிளம்பிய இரண்டாவது வாரத்தில் பாப்பா வந்துவிடும். பையனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கைவிட்டுப் போகிறார்கள். ஆகவே தூங்கவைக்கும் வேலையை மே மாதமே அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ, பிரசவத்துக்குப் பிறகும் வீட்டில் இருக்கப்போகிறவரிடம், மாற்றிவிட வேண்டும். அப்பாவுக்குப் பகல் விளையாட்டு போதும். பாயை மாற்றிப் போடுவதோ தாய்ப்பாலை நிறுத்துவதோ இருந்தால் அதையும் குறைந்தது இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பாப்பா வந்த அன்றே பாயை விட்டு நகர்த்தினால் பாப்பாதான் தள்ளிவிட்டது என்று பிள்ளைக்குப் படும்.

இனி அந்த அரை மணி நேரம். ஒரு பனையோலைப் பெட்டியில் ஐந்தாறு சாமான் போடுங்கள்: பெரிய சிப்பிகள், படப் புத்தகம், மூடித் திறக்கும் பழைய டப்பா, ஓலைக் கிலுகிலுப்பை. வாயில் போட்டு விழுங்கும் அளவுக்குச் சின்னதாக எதுவும் வேண்டாம். பால் கொடுக்க உட்காரும்போது மட்டும் பெட்டி வெளியே வரும். கொடுத்து முடித்ததும் பரணுக்குப் போய்விடும். நாள் முழுக்கத் தரையில் கிடந்தால் இரண்டே நாளில் சலித்துவிடும், பிறகு பெட்டி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு சாமானை மாற்றுங்கள். உட்காருவதற்கு முன்பே அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, ஒன்றுக்குப் போகவைத்துவிடுவது நல்லது. ஒரு கை சும்மா இருந்தால் அது அவன் முதுகில் இருக்கட்டும்.

பேச்சிலும் கவனம் வேண்டும். 'பாப்பா தூங்குது, சத்தம் போடாதே', 'பாப்பாவுக்குப் பால் கொடுத்துட்டு வர்றேன்' என்று பாப்பா பேரில் ஒரு நாளைக்கு இருபது தடை வந்தால் பாப்பா மேல் வெறுப்பு வராமல் என்ன செய்யும்? 'அம்மா கை வேலையா இருக்கு, இதோ வர்றேன்' என்றால் போதும். அவன் காதில் விழும்படி பாப்பாவிடமும் சொல்லுங்கள்: 'கொஞ்சம் பொறு, அண்ணனுக்குச் சட்டை மாட்டிட்டு வர்றேன்.' பாப்பாவுக்கு ஒன்றும் புரியாது. அது அவனுக்காகச் சொல்வது. பார்க்க வரும் உறவுக்காரர்கள் 'இனிமே உன்னை யாருடா கொஞ்சுவா' என்று சீண்டுவார்கள். மூன்று வயதுக்கு அது கேலியாகத் தெரியாது. வாசலிலேயே தடுத்துவிடுங்கள்.

'எனக்கும் பால்' என்று கேட்டு வருவதும், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவதும் சில வாரங்களுக்கு இருக்கும். விரட்டாதீர்கள், கேலியும் வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்றாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ பொறாமை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிள்ளினால், கடித்தால் முதலில் பாப்பாவைத் தூக்கிவிடுங்கள். பிறகு 'கிள்ளினா வலிக்கும்' என்று ஒரே வாக்கியம். அடித்தால் பாப்பா பக்கம் போனாலே அடி விழும் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். தூளியை ஆட்ட ஆசைப்பட்டால் பெரியவர் கை தூளியில் இருக்கும்போது மட்டும் ஆட்டட்டும். அடுப்பில் பால் பொங்கினாலும் இருவரையும் தனியே விட்டுப் போகக்கூடாது.

மூன்று, நான்கு மாதத்தில் வீடு அடங்கிவிடும். ஏழெட்டு மாதத்தில் பாப்பா தவழ்ந்து வந்து அவன் சிப்பியைப் பிடுங்கும்போது மறுபடி தொடங்கும். அப்போது பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் அவனுக்கென்று ஓர் அலமாரித் தட்டு ஒதுக்க வேண்டியிருக்கும்.