பக்கெட் எண்ணிக்கை சொன்னது, திரை சொல்லாதது

பேலியகொடைப் பக்கம் மிளகாய்த்தூள் பக்கெட் போடும் ஒரு சின்னத் தொழிற்சாலை. அதன் முகாமையாளர் கையில் ஒரு விலைக்கூற்றுடன் என்னைக் கூப்பிட்டார். புதுக் காற்றமுக்கி, அதாவது கம்பிரசர், வாங்கப் போகிறாராம். ஓ.இ.இ. திரையில் நிறுத்தக் காரணங்களின் பட்டியலில் முதலாவதாக நின்றது `LowAir`, அதாவது காற்றழுத்தக் குறைவு. ஒரு ஷிப்டில் 48 நிமிடம். பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை கணக்கைப் பார்த்துவிடுவோம் என்றேன்.

ஓ.இ.இ. என்பது இயந்திரம் எவ்வளவு பயனுள்ளதாக ஓடியது என்பதைச் சொல்லும் அளவு, மூன்று விகிதங்களின் பெருக்கம். ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடியது, ஓடிய நேரத்தில் உரிய வேகத்தில் ஓடியதா, வெளியே வந்ததில் எத்தனை நல்லவை. முதலாவது கிடைப்பு, இரண்டாவது செயல்வேகம், மூன்றாவது தரம்.

அன்றைய ஷிப்ட் 480 நிமிடம். தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் 30 நிமிடம் கழித்தால் 450. இயந்திரத்தின் உரிய வேகம் நிமிடத்துக்கு 60 பக்கெட். கவுண்டரில் மொத்தம் 19,800. எடை பார்க்கும் இடத்தில் தள்ளப்பட்டவை 495, ஆக நல்லவை 19,305. திரையில் கிடைப்பு 69.3%, செயல்வேகம் 100%, தரம் 97.5%, ஓ.இ.இ. 67.6%.

நான் முதலில் செய்வது எப்போதும் ஒன்றுதான். நிறுத்த நேரத்தைத் தொடாமலே ஓ.இ.இ. கணக்கிடுவேன்:

```
OEE = Good / (PlannedMin * IdealRate)
    = 19305 / (450 * 60) = 0.715
```

மூன்று விகிதங்களையும் பெருக்கும்போது ஓடிய நேரம் மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. அதனால் நிறுத்தக் கணக்கு எவ்வளவு பிழைத்தாலும் இந்த எண் அசையக் கூடாது. இங்கே 71.5 வர வேண்டிய இடத்தில் திரை 67.6 காட்டுகிறது. செயல்வேகம் சரியாக 100 என்று நின்றதுதான் எனக்கு உறுத்தியது. உள்ளே போய்ப் பார்த்தால், 100-ஐத் தாண்டினால் 100 என்றே காட்டு என யாரோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரியை எடுத்ததும் செயல்வேகம் 105.8% என்று வந்தது. நிமிடத்துக்கு 60-க்கு மேல் போகவே முடியாத இயந்திரம் அது. 100-ஐத் தாண்டும் செயல்வேகம் ஒரு எச்சரிக்கை மணி. தயவுசெய்து அதன் வாயைக் கட்டாதீர்கள்.

சரி, 105.8 எங்கிருந்து வந்தது? இயந்திரம் ஏன் நின்றது என்று பதியும் சமிக்ஞைகள், அதாவது நிறுத்த டேக்குகள், நான்கு: `FilmEnd` 29 நிமிடம், `DoorOpen` 46, `LowAir` 48, `JawTemp` 15. கூட்டினால் 138. திரை அப்படியே கூட்டி, 450-இல் கழித்து, 312 நிமிடம் ஓடியதாக எடுத்துக்கொண்டது. 312 நிமிடத்தில் 60 வீதம் 18,720 பக்கெட்தான் வரும். வந்ததோ 19,800.

பாதுகாப்புக் கதவைத் திறந்து காட்டச் சொன்னேன். திறந்ததும் 'புஸ்' என்று காற்று வெளியேறியது. கை உள்ளே போகும்போது சிலிண்டர் எதுவும் அசையக் கூடாது என்பதற்காகக் காற்றை வெளியே விடும் வால்வு அது. வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் அழுத்தம் விழுந்ததும் `LowAir` எரிகிறது. கதவை மூடிய பிறகும் காற்று நிரம்பும் வரை சில நொடி நிற்கிறது. ஆகக் கதவின் 46 நிமிடமும் காற்றின் 48-க்குள் அடக்கம். பிலிம் முடிந்து புது ரோலைக் கோர்க்கக் கதவைத் திறந்த 9 நிமிடம் `FilmEnd` கணக்கிலும் உண்டு. ஒரே நிமிடம் இரண்டு மூன்று பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. 138-இல் 46-ஐயும் 9-ஐயும் கழித்தால் 83. இயந்திரம் உண்மையில் நின்றது அவ்வளவுதான்.

இதற்கு வழி, நின்ற கணத்தில் முதலில் வந்த காரணத்தை மட்டும் பிடித்து, மறுபடி ஓடும் வரை விடாமல் வைத்திருப்பது. இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பி.எல்.சி.யிலேயே எழுதினோம்:

```
IF Running THEN
  Cause := 0;
ELSIF Cause = 0 THEN
  IF JawTemp THEN Cause := 1;
  ELSIF FilmEnd THEN Cause := 2;
  ELSIF DoorOpen THEN Cause := 3;
  ELSIF LowAir THEN Cause := 4;
  END_IF;
END_IF;
```

விளைவாக வரும் டேக்கைக் கடைசியில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஸ்கேனில் வந்தால் மூலகாரணம் ஜெயிக்கும். அதே ஷிப்டின் பதிவுகளை இந்த முறையில் பிரித்தால் பிலிம் 29, கதவு 39, சூடு 15. காற்று பூச்சியம். ஒரு குறை உண்டு: ஆள் நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு கதவைத் திறந்தால், கதவின் பெயரிலேயே எழுதப்படும். அவர் ஏன் நிறுத்தினார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது ஓடிய நேரம் 367 நிமிடம். கிடைப்பு 81.6%, செயல்வேகம் 89.9%, தரம் அதே 97.5%. பெருக்கினால் அதே 71.5. மொத்தம் மாறவில்லை, இழப்பின் விலாசம் மாறிவிட்டது. காற்றில் தேடியது வேகத்தில் கிடந்தது. 19,800-ஐ 367-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 54. வேகக் குமிழைப் போய்ப் பார்த்தேன், 54-இல்தான் இருந்தது. இயந்திரத்தை ஓட்டுபவரைக் கேட்டேன்.

"அண்ணை, ஏன் இதைக் குறைச்சு வச்சிருக்கிறீங்கள்?"

"தம்பி, புதுப் பிலிம் வந்த பிறகு அறுபதில விட்டா வாய் ஒட்டுதில்ல. பிரிஞ்சு தூள் கொட்டுது. அதான் இறக்கி வச்சனான்."

அவர் செய்தது முழுக்க நியாயம். பிலிம் தடித்தால் சூடு உள்ளே இறங்க நேரம் வேண்டும். வேகம் கூடினால் அந்த நேரம் குறையும். மூன்று வாரமாக அவருக்குத் தெரிந்த விஷயத்தை எந்த டேக்கும் பதியவில்லை. மெதுவாக ஓடும் இயந்திரம் எந்த நிறுத்த டேக்கையும் எரிய வைக்காது. கவுண்டரில் மட்டுமே தெரியும்.

அதனால் கவுண்டரைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். எல்லாம் அதில் தங்கியிருக்கிறது. சீல் தாடை மூடுவதை எண்ணுகிறதா, பக்கெட் வெளியே போவதை எண்ணுகிறதா என்று பாருங்கள். தாடையை எண்ணினால் காலையில் தூள் இல்லாமல் ஓட்டும் வெற்றுப் பைகளும் சேரும். அப்புறம், மறை எண்ணையும் வைத்திருக்கும் 16 பிட் கவுண்டர் 32,767-க்கு மேல் போகாது. இங்கே ஒரு ஷிப்டுக்கு 19,800 என்றால் இரண்டாவது ஷிப்டின் நடுவில் அது தீர்ந்துவிடும். சில பி.எல்.சி.களில் அந்த எண்ணிலேயே நின்றுவிடும், சிலவற்றில் மறை எண்ணுக்குப் புரளும். 32 பிட் ஆக்குங்கள், யாரும் பூச்சியமாக்காமல் ஓட விடுங்கள், ஷிப்ட் தொடக்கத்தின் எண்ணை முடிவின் எண்ணிலிருந்து கழியுங்கள்.

கொழும்பில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மின்சாரம் போனால் பி.எல்.சி.யும் போகும், அப்போது எந்த டேக்கும் எரியாது. யு.பி.எஸ்.இல் உயிரோடிருக்கும் கணினியோ `Running` கடைசியாக இருந்த நிலையையே பிடித்துக்கொண்டிருக்கும். இருட்டில் நின்ற நேரம் ஓடிய நேரமாகிவிடும். தொடர்பு அறுந்த நேரத்தைத் தனிக் காரணமாக எழுத வைத்தோம்.

கம்பிரசர் வாங்கவில்லை. தாடையின் சூட்டைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பத்துப் பக்கெட்டைக் கையால் அழுத்திப் பார்த்து, வேகத்தை 58 வரை கொண்டுவந்தோம். அதற்கு மேல் ஏற்றினால் பிலிமின் ஓரம் சுருங்குகிறது. மிச்ச இரண்டுக்கு, பிலிம் விற்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.