எஸ்டர்டே வந்தால் ஹேவ் ஏன் விலகிப் போகிறது?

டாக்டர் நோயாளியிடம் 'ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட் தி ஃபீவர்?' என்று கேட்டால், காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று எடுத்துக்கொண்டு கேட்கிறார். 'ஹவ் லாங் டிட் யூ ஹேவ் தி ஃபீவர்?' என்றால் காய்ச்சல் வந்து போய்விட்டது, அது எத்தனை நாள் இருந்தது என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் 'ஃபார் த்ரீ டேஸ்' என்றே பதில் வரலாம். ஆனால் முதல் பதிலைக் கேட்டவர் உடனே தெர்மாமீட்டரை எடுப்பார். இரண்டாவதைக் கேட்டவர் பழைய விவரமாகக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஹான்ஸ் ரைஷன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். நிகழ்ச்சி நடந்த நேரம், நாம் பேசும் நேரம் என்ற இரண்டு மட்டும் போதாது. எந்த நேரத்தில் நின்று அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறோம் என்ற மூன்றாவது நேரமும் வேண்டும் என்றார் அவர். அதை நோக்கு நேரம் என்று வைத்துக்கொள்வோம். 'டிட்' வரும் சிம்பிள் பாஸ்டில் நோக்கு நேரம் நிகழ்ச்சியோடு சேர்ந்து பின்னால் போய்விடுகிறது. 'ஹேவ்' வரும் பிரசண்ட் பெர்ஃபெக்டில் நிகழ்ச்சி பின்னால் இருந்தாலும் நோக்கு நேரம் இப்போதிலேயே நிற்கிறது.

எஸ்டர்டே போன்ற சொல், நோக்கு நேரம் எங்கே என்று காட்டும் சொல். 'ஹேவ் யூ டேக்கன் தி டேப்லெட் எஸ்டர்டே?' என்ற கேள்வியில் 'ஹேவ்' இன்றில் நின்று பார்க்கச் சொல்கிறது, 'எஸ்டர்டே' நேற்றுக்குப் போகச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் ஆங்கிலக் காது அதை ஏற்காது. 'டிட் யூ டேக் தி டேப்லெட் எஸ்டர்டே?' என்றுதான் கேட்க வேண்டும். எப்போது என்று கேட்கும் 'வென்' கேள்விக்கும் இதே கதிதான். அது ஒரு குறிப்பிட்ட நேரத்தைத் தேடிப் போவதால் 'வென் டிட் இட் ஸ்டார்ட்?' என்பதே சரி. 'வென் ஹேஸ் இட் ஸ்டார்ட்டட்?' நிற்காது.

நமக்கு இது இடறுவதற்குக் காரணம் உண்டு. 'நேற்று மாத்திரை போட்டிருக்கிறீர்களா?' என்று தமிழில் தாராளமாகக் கேட்கலாம். ஜெர்மன்காரர்களுக்கும் இதே இடறல், ஏனென்றால் அவர்களுடைய பெர்ஃபெக்ட் வடிவமும் நேற்று என்ற சொல்லோடு சேரும். ஆக, இது உலகப் பொதுவிதி இல்லை, ஆங்கிலம் போன்ற சில மொழிகளின் குணம்.

இத்தனைக்கும் எஸ்டர்டேக்கு முன்னால் சின்ஸ் வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். 'ஹேவ் யூ ஹேட் எ ஃபீவர் சின்ஸ் எஸ்டர்டே?' முழுக்கச் சரி. சின்ஸ் நேற்றை ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்து, அங்கிருந்து இப்போது வரைக்கும் ஒரு கோடு இழுக்கிறது. கோட்டின் மறுமுனை இப்போதில் முடிவதால் ஹேவ் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது.

சின்ஸுக்குத் தொடக்கப் புள்ளி வேண்டும், ஃபாருக்கு நீளம் போதும். தமிழில் 'மூன்று நாளாகக் காய்ச்சல் இருக்கிறது' என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால், 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்று வாயில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்', அல்லது கிழமையைச் சொல்லி 'சின்ஸ் மண்டே'. ஃபார் நீளத்தை மட்டும் சொல்வதால், அந்த நீளம் இப்போதைத் தொடுகிறதா இல்லையா என்பதை வினைச்சொல்தான் காட்ட வேண்டும். முதலில் பார்த்த இரண்டு காய்ச்சல் கேள்விகளுக்கும் ஃபார் பொருந்தியது அதனால்தான்.

கடிகாரத்தை வைத்தே இதைச் சோதிக்கலாம். காலை 10 மணிக்கு 'ஹேவ் யூ ஈட்டன் எனிதிங் திஸ் மார்னிங்?' என்று கேட்கலாம், ஏனென்றால் காலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாலை 4 மணிக்கு அதையே 'டிட் யூ ஈட் எனிதிங் திஸ் மார்னிங்?' என்று கேட்பதுதான் இயல்பு. 'திஸ் மார்னிங்' என்ற சொல் மாறவில்லை, ஆனால் காலை முடிந்துவிட்டது.

ஜஸ்ட் கொஞ்சம் நெகிழ்வானது. ஜெனரல் வார்டில் பிரிட்டிஷ் நர்ஸ் 'ஹேவ் யூ ஜஸ்ட் ஈட்டன்?' என்று கேட்கும் இடத்தில் அமெரிக்க நர்ஸ் 'டிட் யூ ஜஸ்ட் ஈட்?' என்பார். சாப்பிட்டு முடித்த நேரம் இப்போதை ஒட்டியே இருப்பதால், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பொருள் கெடுவதில்லை. ஆனால் ஜஸ்டோடு எஸ்டர்டே சேர்ந்துவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும். 'டிட் ஷி லீவ் ஜஸ்ட் எஸ்டர்டே?' என்றுதான் லண்டனிலும் நியூயார்க்கிலும் கேட்பார்கள்.