போன் அணைந்திருந்தாலும் போகும் வாழ்த்து

டொரொன்டோவில் இருக்கும் அக்காவுக்கு நவம்பர் 5 பிறந்தநாள். அங்கே நள்ளிரவு 12 மணி ஆகும்போது வாழ்த்து போய்ச் சேர வேண்டும். சென்னையில் இருக்கும் தம்பியோ அந்த நேரம் விமானத்தில் இருப்பான், போன் ஏரோப்ளேன் மோடில் கிடக்கும். ஐபோனில் 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்ததிலிருந்து இதற்கு வழி இருக்கிறது.

மெசேஜஸ் செயலியில் அக்காவின் உரையாடலைத் திறந்து, எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள + குறியைத் தொட்டால் வரும் பட்டியலில் Send Later இருக்கும். அதைத் தொட்டு, தேதியையும் நேரத்தையும் திருத்தி, வாழ்த்தை எழுதி அனுப்ப வேண்டியதுதான். காத்திருக்கும் செய்தியைச் சுற்றி விட்டுவிட்டுப் போட்ட கோடு தெரியும். மேலே அது போகும் நேரம் இருக்கும்.

அந்தச் செய்தி காத்திருப்பது போனில் அல்ல, ஆப்பிளின் சர்வரில். அதனால்தான் போன் அணைந்திருந்தாலும் குறித்த நேரத்தில் அது போய்விடுகிறது. முனைக்கு முனை மறையாக்கம் செய்தே சர்வரில் வைக்கப்படுவதால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஆப்பிளால் படிக்க முடியாது. அனுப்பியதும் அங்கிருந்து நீங்கிவிடும். மனம் மாறினால், நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள Edit மூலம் உடனே அனுப்பலாம், நேரத்தை மாற்றலாம், நீக்கலாம். ஆனால் அந்த மாற்றம் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டுமே! விமானம் ஏறிய பின் நினைத்துக்கொண்டு பயனில்லை.

14 நாளுக்கு அப்பால் நேரம் குறிக்க முடியாது. ஆகவே தம்பி அக்டோபர் 22 வரை பொறுத்திருக்க வேண்டும். அப்போது இன்னொரு கவனமும் தேவை: குறிக்கும் நேரம் அவன் போன் காட்டும் இந்திய நேரம். அக்டோபரில் டொரொன்டோ நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 9.30. ஆனால் 2025-இல் டொரொன்டோ நவம்பர் 2 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது. பழைய கணக்கில் 9.30 என்று குறித்திருந்தால் அங்கே நவம்பர் 4 இரவு 11 மணிக்கே வாழ்த்து போயிருக்கும். சரியான நேரம் 10.30.

பெரிய தடை வேறு. ஆப்பிள் கருவிகளுக்கிடையே போகும் ஐமெசேஜுக்கு மட்டுமே இந்த வசதி. அக்கா ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் செய்தி பச்சைக் குமிழியாக, எஸ்எம்எஸ் அல்லது ஆர்சிஎஸ் வழியாகப் போகும். அந்த வழி தொலைபேசி நிறுவனத்தின் வழி, ஆப்பிளின் சர்வரில் காத்திருக்க இடமில்லை. முன்கூட்டியே கண்டுகொள்வது எளிது: எழுதும் பெட்டியில் மங்கலாக iMessage என்று இருந்தால் முடியும், Text Message என்று இருந்தால் முடியாது.

பச்சைக் குமிழிக்கு ஷார்ட்கட்ஸ் செயலியில் Time of Day ஆட்டோமேஷன் அமைக்கலாம். Run Immediately என்று வைத்தால் நம்மைக் கேட்காமலே அனுப்பும். ஆனால் இந்த வேலையைச் செய்வது போனேதான் என்பதால், விமானத்தில் இருக்கும் தம்பிக்கு இது உதவாது. ஊரில் இருப்பவருக்கும் ஒரு சிக்கல்: இதில் ஒரே ஒரு நாளைக் குறிக்க இடமில்லை, தினமும், வாரந்தோறும், மாதந்தோறும் என்றுதான் உண்டு. மாதந்தோறும் 5-ஆம் தேதி என்று வைத்துவிட்டு அணைக்க மறந்தால், டிசம்பர் 5 அன்றும் அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து போகும்.